ஆன்லைன் வகுப்பைப் பதிவு செய்ய ஒப்புதல் கடிதம்: "யார் பார்ப்பார்கள்" என்பதை எப்படி எழுதுவது?

கேள்வி: டெல்லியில் தமிழர்கள் நடத்தும் ஒரு பள்ளிக்கு இந்த ஆண்டு முதல்வராக வந்திருக்கிறேன். காற்று மாசு அதிகமானால் நவம்பர், டிசம்பரில் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போய்விடும். வகுப்புகளைப் பதிவு செய்து, வர முடியாத பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. கூகுள் மீட் பயன்படுத்துகிறோம். பெற்றோரிடம் ஒப்புதல் கேட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும். பழைய கடிதத்தில் "பதிவுகள் பள்ளியின் உள்பயன்பாட்டுக்கு மட்டும்" என்று ஒரு வரிதான் இருக்கிறது. அது போதுமா? யார் பார்ப்பார்கள் என்பதை எவ்வளவு தூரம் விளக்க வேண்டும்?

பதில்:

போதாது. "உள்பயன்பாடு" என்ற வரியைப் படிக்கும் ஒரு தாய், தன் பிள்ளையின் வகுப்பு ஆசிரியை மட்டும் பார்ப்பார் என்று நினைத்துக்கொள்வார். நிர்வாகக் குழு உறுப்பினர், தங்களுக்கும் பார்க்க உரிமை இருக்கிறது என்று நினைப்பார். பள்ளியின் கணினி வேலைகளை வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு அந்தக் கோப்புகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அவரைப் பற்றி யாரும் நினைத்திருக்கவே மாட்டார்கள். மூவரும் ஒரே வரியைப் படித்து மூன்று விதமாகப் புரிந்துகொண்டால், அதில் வாங்கிய கையெழுத்து எதற்கும் ஒப்புதல் ஆகாது.

கடிதத்தில் மற்ற பகுதிகளை ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். "யார் பார்ப்பார்கள்" என்ற பகுதியை மட்டும் மேசையில் உட்கார்ந்து எழுத முடியாது. முதலில் உங்கள் பள்ளியில் ஒரு பதிவு உண்மையில் எங்கே போய் விழுகிறது, யாருக்கெல்லாம் தானாகவே திறக்கிறது என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும். கடிதம் ஒன்றைச் சொல்லி, கணினி வேறொன்றைச் செய்துகொண்டிருப்பதுதான் இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் கோளாறு.

எனவே கணினி ஆசிரியரைக் கூட வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு ஆசிரியர் கணக்கிலிருந்து காலண்டரில் ஒரு வகுப்பு போடுங்கள். இரண்டு மாணவர் கணக்குகளை அழையுங்கள். ஒன்று கலந்துகொள்ளட்டும், மற்றது வராமல் இருக்கட்டும். ஐந்து நிமிடம் பதிவு செய்து நிறுத்துங்கள். பதிவு ஆசிரியரின் டிரைவில் `Meet Recordings` என்ற கோப்புறைக்குள் வந்து சேரும். வகுப்பைக் காலண்டரில் போட்டிருந்தால், பதிவின் இணைப்பு அந்த நிகழ்விலும் தானாக ஒட்டிக்கொள்ளும். அழைக்கப்பட்ட, உங்கள் பள்ளிக் கணக்கு வைத்திருக்கிறவர்களுக்கு அது திறக்கவும் வாய்ப்பு உண்டு. உங்கள் பள்ளியில் அமைப்பை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும் என்பதால்தான் சோதனை செய்யச் சொல்கிறேன். அந்த இரண்டு மாணவர் கணக்குகளிலும் நுழைந்து, பதிவு திறக்கிறதா, பதிவிறக்க முடிகிறதா என்று பாருங்கள். திறந்தால், "வர முடியாத மாணவர்களுக்கு மட்டும்" என்று கடிதத்தில் எழுத முடியாது. எழுத வேண்டுமானால் முதலில் அந்த அமைப்பை மாற்ற வேண்டும்.

உங்கள் பள்ளியில் கூகுளின் இலவசக் கல்விப் பதிப்பு இருந்தால் மீட்டில் பதிவு செய்யும் வசதியே இருக்காது. கட்டணப் பதிப்புகளில்தான் உண்டு. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இங்கிருந்துதான் பெரிய சிக்கல் தொடங்குகிறது. வசதி இல்லாத பள்ளியில் ஆசிரியர் என்ன செய்வார்? தன் சொந்த மடிக்கணினியில் திரைப்பதிவு மென்பொருள் போட்டுக்கொள்வார், அல்லது ஜூமில் தன் கணினியிலேயே சேமித்துக்கொள்வார். அப்புறம் இடம் போதவில்லை என்று யூடியூபில் `Unlisted` என்று ஏற்றுவார். அந்த இணைப்பு யார் கையில் இருந்தாலும் வீடியோ திறக்கும். பள்ளிக் கணக்கு தேவையில்லை. ஆசிரியர் மார்ச்சில் வேலையை விட்டுப் போனால், பிள்ளைகளின் முகங்கள் அவர் கணினியிலும் அவர் யூடியூப் கணக்கிலும் அவரோடு போய்விடும். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்தப் பதிவின் மேல் பள்ளிக்கு எந்தப் பிடியும் இல்லை என்பதுதான் விஷயம். பதிவு வசதி இல்லையென்றால், வகுப்பைப் பதிவு செய்யாமல், ஆசிரியர் மட்டும் பேசும் 15 நிமிடப் பாட வீடியோவைத் தனியாக எடுத்துக் கொடுங்கள். அதில் எந்தப் பிள்ளையும் இல்லை. பெற்றோர் ஒப்புதலே வேண்டியதில்லை.

உண்மையில், வசதி இருந்தாலும் இந்தக் கேள்வியை நிர்வாகத்திடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வராத பிள்ளைக்குத் தேவை பாடம். மற்ற 38 பிள்ளைகளின் குரலும் வீடும் அவனுக்குத் தேவையில்லை.

சரி, வகுப்பையே பதிவு செய்வதாக முடிவானால், பதிவில் எது விழுகிறது என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். மீட் பதிவில் திரையில் காட்டப்படுவதும், அந்த நேரத்தில் பேசுகிறவரும்தான் வருவார்கள். ஆசிரியர் தன் திரையில் தன் படம் மட்டுமே நிலையாகத் தெரியும்படி வைத்தாலும் பதிவில் அது எடுபடாது. ஏழாம் வகுப்பு அறிவியல் பாடம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 40 நிமிட வகுப்பு. முதல் 25 நிமிடம் ஆசிரியை படம் காட்டி விளக்குகிறார். பதிவில் படமும் அவர் குரலும் மட்டும் இருக்கும். அப்புறம் ஒரு பையன் மைக்கைத் திறந்து சந்தேகம் கேட்கிறான். அந்தக் கணத்தில் அவன் முகமும் பெயரும் பின்னாலிருக்கும் அறையும் பதிவுக்குள் வந்துவிடும். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீடு என்றால், சமைத்துக்கொண்டிருக்கும் அம்மாவும் படுத்திருக்கும் தாத்தாவும் சேர்ந்து வருவார்கள். "நேற்று ஏன் வரவில்லை?" என்று ஆசிரியை கேட்க, "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, சப்தர்ஜங் ஆஸ்பத்திரிக்குப் போனோம்" என்று அவன் சொல்ல, அதுவும் பதிவில் இருக்கும். சாட்டில் பிள்ளைகள் எழுதுவதும் பதிவோடு சேர்ந்து, பெயர்களுடன் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படும். கேமராவை மூடிவிட்டுச் சாட்டில் கேட்டால் பதிவில் வரமாட்டோம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியாது.

இதற்கு நல்ல தீர்வு ஒன்று இருக்கிறது, செலவும் கிடையாது. பாடம் சொல்லும் பகுதியை மட்டும் பதிவு செய்துவிட்டு, சந்தேகம் கேட்கும் நேரம் வந்ததும் பதிவை நிறுத்திவிடுவது. 2020-இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட பிரக்யதா வழிகாட்டுதலில் ஒரு ஆன்லைன் வகுப்பு 30 முதல் 45 நிமிடம் வரை இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதில் 25 நிமிடம் பதிவு, மீதி பதிவில்லாத பேச்சு என்று பிரித்துக்கொண்டால் வகுப்பும் கெடாது. பதிவு தொடங்கும்போதும் நிற்கும்போதும் மீட் எல்லோருக்கும் அறிவிப்புக் காட்டும். ஆசிரியர் வாயாலும் சொல்ல வேண்டும். இப்படிச் செய்தால் "யார் பார்ப்பார்கள்" என்ற கேள்வியின் கனமே பாதி குறைந்துவிடும், ஏனென்றால் பார்ப்பதற்கு அதில் பிள்ளைகள் அதிகம் இல்லை.

இப்போது பார்ப்பவர்கள். கடிதத்தில் ஒவ்வொருவரையும் பொறுப்பின் பெயரோடும், எதற்காக என்ற காரணத்தோடும் எழுத வேண்டும். காரணம் எழுத முடியாதவருக்கு உரிமை இருக்கக் கூடாது. இந்த அளவுகோல் ஒன்றே உங்களுக்குப் பட்டியலைச் சுருக்கிக் கொடுக்கும்.

பாட ஆசிரியர் பார்ப்பார்; பதிவு அவர் கணக்கில்தான் இருக்கிறது. அதே பிரிவைச் சேர்ந்த, அன்று வராத மாணவர் பார்ப்பார்; அவருக்காகத்தான் இத்தனையும். அதே பிரிவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏழு 'ஏ' பிள்ளைகள் பேசியதை ஏழு 'பி' பிள்ளைகள் கேட்க வேண்டியதில்லை. கணினி நிர்வாகியும் நுழைய முடியும். அவர் வெளி நிறுவனத்தின் ஆளாக இருந்தால் அதையும் கடிதத்தில் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான கடிதங்களில் விடுபடுவது இவர்தான். அவர் தினமும் பார்ப்பதில்லை, ஆனால் அவரால் முடியும்; ஒப்புதல் கேட்கும்போது இரண்டையும் சொல்வதுதான் நேர்மை.

முதல்வராகிய உங்கள் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. புகார் வந்தால் நீங்கள் பார்க்கத்தான் வேண்டும்: ஆசிரியர் திட்டினார், ஒரு மாணவன் தகாததைக் காட்டினான் என்று வந்தால் பதிவுதான் சாட்சி. அதை எழுதிவிடுங்கள். ஆனால் நிர்வாகக் குழு உங்களிடம் வந்து, "அந்த ஆசிரியை எப்படிப் பாடம் எடுக்கிறார் என்று பதிவைப் பார்த்து முடிவு செய்யலாம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வருகிறதே" என்று ஒருநாள் சொல்லும். பெற்றோர் ஒப்புதல் கொடுத்தது வராத பிள்ளைக்குப் பாடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக. அதை ஆசிரியர் மதிப்பீட்டுக்கு எடுத்தால் அது வேறு நோக்கம். அதோடு, பதிவில் அதிகம் இருப்பது ஆசிரியரின் முகமும் குரலும்தான். அவரிடம் யாரும் ஒப்புதல் கேட்டிருக்க மாட்டார்கள். பெற்றோருக்குக் கடிதம் போகும் முன் ஆசிரியர்களுக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். மதிப்பீட்டுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்றால் இரண்டு கடிதத்திலும் அதைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியர்கள் பதிவு ஓடும்போது புத்தகத்தை அப்படியே வாசித்துவிட்டு, நிறுத்தியபின்தான் பாடம் எடுப்பார்கள். பதிவின் பயனே போய்விடும்.

மற்ற பெற்றோர் பார்க்கலாமா? டெல்லியில் இது பழைய விவாதம். 2019-இல் அரசுப் பள்ளி வகுப்பறைகளில் கேமரா வைத்து, பெற்றோர் கைபேசியில் பார்க்கலாம் என்று மாநில அரசு திட்டம் கொண்டுவந்தபோது, ஒரு பிள்ளையின் பெற்றோர் மற்ற எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பதுதானே அது என்ற எதிர்ப்பு நீதிமன்றம் வரை போனது. என் கருத்து தெளிவானது: தன் பிள்ளையோடு உட்கார்ந்து பதிவைப் பார்க்கும் அம்மாவைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் பெற்றோருக்கென்று தனி இணைப்பு கொடுக்காதீர்கள். குறிப்பாக, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போடவே கூடாது. டிரைவில் பகிர்வு `Anyone with the link` என்று இருந்தால், அந்த இணைப்பு குழுவிலிருந்து மயிலாடுதுறையில் இருக்கும் மாமா வரை போகும், யாருக்கும் திறக்கும். பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பங்களையும் மறந்துவிடாதீர்கள். பிள்ளை இப்போது எந்த வீட்டில் இருக்கிறது என்பதை ஒருவர் மற்றவரிடமிருந்து மறைக்க வேண்டிய நிலையும் உண்டு. நீதிமன்ற உத்தரவு இருந்தால் அந்தப் பிள்ளை விஷயத்தில் தனியாகப் பேசி முடிவு செய்யுங்கள்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது "யார் பார்ப்பார்கள்" என்பதன் ஒரு பகுதிதான். ஐந்து வருடம் கிடக்கும் கோப்பை, இன்று பள்ளியிலேயே இல்லாத ஆட்கள் பார்ப்பார்கள். பாடம் தவறவிட்ட பிள்ளைக்கு 30 நாள் தாராளம். ஆனால் "30 நாளில் அழிக்கப்படும்" என்று எழுதும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். நவம்பர் 20-இல் பதிவானதை டிசம்பர் 20-இல் ஆசிரியர் நீக்குகிறார். அது டிரைவின் குப்பைத்தொட்டியில் இன்னும் 30 நாள், அதாவது ஜனவரி 19 வரை கிடக்கும். அங்கிருந்து போனபிறகும் நிர்வாகி நினைத்தால் மேலும் 25 நாள் வரை மீட்கலாம். அது பிப்ரவரி 13. ஆக மொத்தம் 85 நாள். எனவே "30 நாளில் பார்க்கும் வசதி நிறுத்தப்படும், 90 நாளுக்குள் முழுவதும் அழிந்துவிடும்" என்று எழுதுங்கள். கேட்க அவ்வளவு அழகாக இல்லை, ஆனால் உண்மை.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் தொடர்பான முக்கியப் பகுதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் ஒரு விலக்கு உண்டு. உங்கள் நிர்வாகத்தில் யாராவது அதைக் காட்டி, "நமக்கு ஒப்புதலே தேவையில்லை" என்று சொல்லக்கூடும். அந்த விலக்கு, கல்விச் செயல்பாடுகளுக்காகவோ பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவோ செய்யும் கண்காணிப்போடு நின்றுவிடுகிறது. வருகைப் பதிவு அதற்குள் வரும். பிள்ளைகளின் முகமும் குரலும் அடங்கிய வீடியோவைச் சேமித்து வைத்து மற்றவர்களுக்குக் காட்டுவது அதற்குள் சுலபமாக அடங்காது. விலக்கை நம்பாமல் ஒப்புதல் வாங்குவதே சரி.

அந்தச் சட்டத்தில் உங்களுக்கு மிகவும் பயன்படும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, கொடுத்ததைப் போலவே சுலபமாக இருக்க வேண்டும். ஒரு கையெழுத்தில் கொடுத்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் திரும்பப் பெற முடிய வேண்டும். மூன்று முறை பள்ளிக்கு அலையவிடக் கூடாது. மற்றொன்று, ஒப்புதல் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலோ படிக்கும் வாய்ப்புத் தர வேண்டும். தமிழும் இந்தியும் அதில் இருக்கின்றன. உங்கள் பள்ளியில் ஹிந்தி பேசும் பிள்ளைகளும் நிறையப் பேர் இருப்பார்கள். மூன்று மொழியிலும் கடிதம் தயார் செய்யுங்கள்.

"இல்லை" என்று சொல்லும் பெற்றோரின் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கடிதத்தில் இல்லாவிட்டால், யாரும் "இல்லை" என்று எழுத மாட்டார்கள். தன் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவார்களோ, ஆசிரியை கோபிப்பாரோ என்ற பயம் இருக்கும். பாடத்தை மட்டும் பதிவு செய்யும் முறையில் இதற்கு விடை சுலபம்: அந்தப் பிள்ளை வழக்கம்போல வகுப்பில் இருக்கும், பதிவு ஓடும் 25 நிமிடம் மைக்கும் கேமராவும் மூடியிருக்கும், சாட்டில் எழுதாது, பதிவு நின்றதும் எதுவும் கேட்கலாம். அந்தப் பிள்ளை வராத நாளில் மற்றவர்களைப் போலவே பதிவைப் பார்க்கவும் செய்யலாம். ஒப்புதல் தராதவருக்குப் பதிவு கிடையாது என்று வைத்தால் அது மறைமுகக் கட்டாயம்.

கடிதத்தின் வாசகம் இப்படி இருக்கலாம். உங்கள் சோதனையில் தெரிந்ததற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

> அன்புள்ள பெற்றோருக்கு,
>
> வணக்கம். காற்று மாசு காரணமாகப் பள்ளி மூடப்படும் நாட்களில் கூகுள் மீட் மூலம் வகுப்புகள் நடக்கும். இணைய வசதி இல்லாமலோ, வீட்டில் ஒரே கைபேசி இருப்பதாலோ சில பிள்ளைகளால் அந்த நேரத்தில் வர முடிவதில்லை. அவர்கள் பாடத்தைப் பின்னர் பார்ப்பதற்காக, 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை வகுப்பின் ஒரு பகுதியைப் பதிவு செய்ய விரும்புகிறோம். இதற்கு உங்கள் ஒப்புதலைக் கேட்கிறோம்.
>
> ஆசிரியர் பாடம் நடத்தும் பகுதி மட்டும் பதிவாகும். பதிவு தொடங்குவதையும் நிறுத்துவதையும் ஆசிரியர் சொல்வார். சந்தேகம் கேட்கும் நேரம் பதிவாகாது. ஆனால் பதிவின்போது உங்கள் பிள்ளை மைக்கைத் திறந்து பேசினால், குரலும் பெயரும், கேமரா திறந்திருந்தால் முகமும் வீட்டின் உட்புறமும் பதிவாகும். சாட்டில் எழுதுவதும் பெயருடன் சேமிக்கப்படும்.
>
> பதிவைப் பார்க்கக்கூடியவர்கள்: அந்தப் பாடத்தின் ஆசிரியர், அதே பிரிவைச் சேர்ந்த, அன்று வர முடியாத மாணவர்கள், தங்கள் பள்ளிக் கணக்கின் வழியாக. புகார் ஏதும் வந்தால், அதை விசாரிப்பதற்காக மட்டும் முதல்வர் பார்ப்பார். பள்ளியின் கணினிக் கணக்குகளைப் பராமரிக்கும் பொறுப்பாளருக்குத் தொழில்நுட்ப ரீதியாகப் பதிவுகளைத் திறக்க முடியும். முதல்வரின் எழுத்து அனுமதி இல்லாமல் அவர் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம் செய்திருக்கிறோம். நீதிமன்றமோ காவல்துறையோ சட்டப்படி கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். வேறு யாருக்கும் காட்ட மாட்டோம். நிர்வாகக் குழுவுக்கோ, ஆசிரியர்களை மதிப்பிடவோ, விளம்பரத்துக்கோ, யூடியூபிலோ பயன்படுத்த மாட்டோம்.
>
> 30 நாளில் பதிவைப் பார்க்கும் வசதி நிறுத்தப்படும். 90 நாளுக்குள் அது முழுவதும் அழிக்கப்படும். புகார் விசாரணையில் இருக்கும் பதிவு, விசாரணை முடியும்வரை மட்டும் வைக்கப்படும். அதை அந்தப் பெற்றோருக்குத் தெரிவிப்போம்.
>
> பதிவிறக்கம் செய்வதை எங்களால் இயன்றவரை தடுத்திருக்கிறோம். ஆனால் ஒருவர் தன் கைபேசியால் திரையைப் படமெடுப்பதை எங்களால் தடுக்க முடியாது. மற்ற பிள்ளைகளின் படத்தையோ குரலையோ எடுக்கவும் பகிரவும் வேண்டாம் என்று உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். நீங்களும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.
>
> நீங்கள் ஒப்புதல் தராவிட்டாலும் உங்கள் பிள்ளை எல்லா வகுப்புகளிலும் கலந்துகொள்ளலாம், பதிவுகளையும் பார்க்கலாம். பதிவு ஓடும்போது மட்டும் மைக்கையும் கேமராவையும் மூடி, சாட்டில் எழுதாமல் இருந்தால் போதும். மதிப்பெண்ணோ வருகைப் பதிவோ இதனால் பாதிக்கப்படாது. கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் பள்ளி அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பிலேயே திரும்பப் பெறலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பிள்ளை இருக்கும் பழைய பதிவையும் நீக்கிவிடுவோம்.
>
> சந்தேகம் இருந்தால் என்னிடம் நேரிலோ தொலைபேசியிலோ கேளுங்கள்.
>
> இப்படிக்கு,
> முதல்வர்
>
> பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு:
> பதிவு செய்ய: ஒப்புக்கொள்கிறேன் / ஒப்புக்கொள்ளவில்லை
> பெற்றோர் பெயர், கையெழுத்து, தேதி:

கைபேசிப் படமெடுப்பைத் தடுக்க முடியாது என்ற பத்தியை நிர்வாகம் எடுக்கச் சொல்லும். விடாதீர்கள். "முழுப் பாதுகாப்பு" என்று எழுதிவிட்டு, ஒரு பிள்ளையின் படம் ஸ்டிக்கராக வெளியே சுற்றும் நாளில் அந்தக் கடிதம்தான் உங்களுக்கு எதிராக நிற்கும். பொறுப்பாளருடன் ஒப்பந்தம் செய்திருப்பதாக வரும் வரியும் அப்படித்தான். ஒப்பந்தத்தில் அது இல்லையென்றால் முதலில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள், அப்புறம் கடிதத்தை அனுப்புங்கள்.

கடிதத்தின் கீழே கையெழுத்துப் பகுதியில் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன். ஆண்டு விழா வீடியோ, பள்ளியின் பேஸ்புக் பக்கம், புகைப்படம் என்று எல்லாவற்றையும் இதே தாளில் சேர்த்து ஒரே கையெழுத்தில் வாங்கும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அது வேறு விஷயம், வேறு தாள்.

இனி ஒப்புதலை வாங்கும் முறை. கூகுள் ஃபார்ம் அனுப்பினால் எளிது என்று தோன்றும். ஆனால் பிள்ளையின் பள்ளிக் கணக்கு இருக்கும் கைபேசியில் அந்த ஃபார்ம் போய்ச் சேரும். பெரும்பாலும் பிள்ளையே அதை நிரப்பி அனுப்பிவிடும். இரவு 11 மணிக்கு, ஒரே நிமிடத்தில் அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒப்புதல் வந்திருந்தால் அதை யார் நிரப்பினார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஒப்புதல் தருபவர் பெற்றோர்தானா என்பதைப் பள்ளியிடம் ஏற்கெனவே இருக்கும் விவரங்களைக் கொண்டே சரிபார்க்க விதிகள் இடம் தருகின்றன. உங்களிடம் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. பெற்றோரின் கையெழுத்தும் கைபேசி எண்ணும் அதில் உண்டு. அக்டோபரில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போதே தாளைக் கையில் கொடுத்து, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுவிடுவதே நல்லது. பள்ளி மூடியபிறகு அவசரத்தில் வாங்கும் ஒப்புதலில் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள்.

கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் இருப்பார்கள். ஜங்புராவின் மதராஸி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டபிறகு, அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போகும் ஒரு தாயால், நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு கையெழுத்துக்காக ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர முடியாது. இப்படிப்பட்டவர்களைச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள எண்ணில் அழைத்து, தமிழில் கடிதத்தைச் சொல்லி, அவர் பதிலை அழைத்த ஆசிரியரின் பெயர், தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். தாளைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பிக் கையெழுத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டியவரும் சாட்சியாகக் கையெழுத்துப் போடட்டும். பதில் வராதவரை "இல்லை" என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மௌனத்தை ஒப்புதலாக எடுக்கக் கூடாது.

கடைசியாக, தாள்கள் திரும்பி வந்ததும் அவற்றை அலுவலக அலமாரியில் பூட்டிவிட்டால் எதுவும் நடக்காது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பட்டியல் போட்டு, ஒப்புதல் தராத பிள்ளைகளின் பெயரைப் பாட ஆசிரியர்கள் எல்லோரிடமும் கொடுங்கள். அவர்கள் பெயரை வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டாம். "பதிவு தொடங்குகிறேன், எல்லோரும் மைக்கையும் கேமராவையும் மூடுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் போதும். யாராவது ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் அன்றே அந்தப் பட்டியல் மாற வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை கணினி ஆசிரியர் ஏதாவது ஒரு பிரிவின் பதிவை எடுத்து, யாருக்கெல்லாம் பகிரப்பட்டிருக்கிறது, 30 நாள் தாண்டிய கோப்பு ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்து உங்களிடம் எழுதிக் கொடுக்கட்டும்.